ஆறு மின்னூட்டங்களுக்கு நடுவில் ஏழாவது நிற்கிறதே, எர்ன்ஷா தேற்றம் எங்கே இடிக்கிறது?

பொறிவண்டு

இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு. போன வாரம் வகுப்பில் எர்ன்ஷா தேற்றம் வந்தது. அசையாமல் பொருத்திவைத்த மின்னூட்டங்களை எப்படி அடுக்கினாலும் சரி, அவற்றின் மின்விசையை மட்டும் வைத்து இன்னொரு மின்னூட்டத்தை வெற்றிடத்தில் உறுதிச் சமநிலையில் நிறுத்த முடியாது என்றார்கள். நிரூபணம் பலகையில் நான்கே வரி. மனம் ஒப்பவில்லை, பைத்தானில் போட்டுப் பார்த்தேன்.

x, y, z மூன்று அச்சுகளிலும் மையத்திலிருந்து 1 தூரத்தில், இருபுறமும் ஒவ்வொன்றாக ஆறு நேர் மின்னூட்டங்கள். எல்லாம் சம அளவு, நகராது. நடுவில் ஏழாவதாக ஒரு நேர் மின்னூட்டம், அது மட்டும் நகரலாம். நிறை, மின்னூட்டம், கூலும் மாறிலி எல்லாம் 1.

நடுவிலேயே விட்டால் அப்படியே நிற்கிறது. x அச்சில் 0.3 தள்ளி விட்டால் எதிரே உள்ளது அதைத் திருப்பித் தள்ளுகிறது, −0.3 வரை போய் மறுபடி திரும்புகிறது. ஒரு அலைவுக்கு ஏறக்குறைய 6.5 நேர அலகு. y, z அச்சுகளிலும் அதே கதை. t = 500 வரை ஓடவிட்டேன், வெளியே போகவே இல்லை. மூன்று திசையிலும் மீள்விசை இருந்தால் அது உறுதிச் சமநிலைதானே? தேற்றத்தில் நான் கவனிக்காத நிபந்தனை ஏதாவது இருக்கிறதா?

நெய்தல்

நிபந்தனை இருக்கிறது, பலரும் அதைச் சொல்வதில்லை. வழக்கமான நிரூபணம் என்ன? மின்னழுத்தத்தின் இரண்டாம் வகைக்கெழுக்களை மூன்று திசையிலும் எடுத்துக் கூட்டினால் பூச்சியம், லாப்லாஸ் சமன்பாடு. அதனால் ஒரு திசையில் பள்ளம் இருந்தால் இன்னொரு திசையில் மேடு இருந்தே ஆக வேண்டும். ஆனால் உங்கள் அமைப்பில் சமச்சீர் காரணமாக மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். மூன்று சம எண்களின் கூட்டல் பூச்சியம் என்றால் ஒவ்வொன்றும் பூச்சியம். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. நிரூபணம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கடுத்த படியில் பள்ளம் வரலாம் அல்லவா? உங்கள் கணக்கில் வந்திருக்கிறது. தேற்றம் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பது என் முடிவு.

சும்மா வந்தேன்

பூமி சூரியனைச் சுற்றி இத்தனை கோடி வருஷமாக ஓடுகிறதே, அதுவும் தூரத்தின் இருமடி எதிர்விகித விசைதானே? அது உறுதியாக இல்லையா? தேற்றமே தப்பு என்று தோன்றுகிறது.

கூடலூர்க்காற்று

@சும்மா வந்தேன், பூமி ஓரிடத்தில் நிற்கவில்லையே, ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கேள்வி நிற்பதைப் பற்றி.

@பொறிவண்டு, உங்கள் நிரலில் தவறு இல்லை. நீங்கள் தள்ளிய மூன்று திசைகளும் நேராக ஒரு மின்னூட்டத்தை நோக்கிப் போகிறவை, சிக்கல் அங்கேதான். இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே, சரியாகச் சொன்னால் மூன்றுக்கு இடையே, உள்ள இடைவெளியை நோக்கித் தள்ளிப் பாருங்கள். அதாவது (1, 1, 1) என்ற திசை. முதலில் இயக்கத்தை ஓட்ட வேண்டாம், மின்னழுத்தத்தை மட்டும் மூன்று இடத்தில் பாருங்கள்:

```python
from math import dist
Q = [(1,0,0),(-1,0,0),(0,1,0),
     (0,-1,0),(0,0,1),(0,0,-1)]
def V(p):
    return sum(1/dist(p, c) for c in Q)
s = 0.5 / 3**0.5
print(V((0,0,0)), V((0.5,0,0)), V((s,s,s)))
```

மையத்தில் 6 வரும். அச்சில் 0.5 தள்ளினால் 6.244. மூலைவிட்டத் திசையில் அதே 0.5 தூரத்தில் 5.877. நேர் மின்னூட்டம் மின்னழுத்தம் குறைகிற பக்கம் ஓடும். ஆக ஆறு பக்கம் சுவர் எழுப்பிவிட்டு எட்டு பக்கம் வாசலைத் திறந்து வைத்த வீடு இது. எண்முகியின் எட்டு முகங்களும் எட்டு வாசல்.

அச்சில் தள்ளிவிட்ட மின்னூட்டம் ஏன் 500 அலகு நேரம் ஆகியும் வாசலைக் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். y = 0, z = 0 என்று தொடங்கினால், மேலே உள்ளது கீழே தள்ளுவதும் கீழே உள்ளது மேலே தள்ளுவதும் கணினியில் கடைசி இலக்கம் வரை சரியாக அடித்துக்கொள்ளும். y, z இரண்டும் என்றைக்கும் துல்லியமான பூச்சியமாகவே இருக்கும். உண்மையில் அப்படி ஒரு மின்னூட்டத்தை யாரும் வைக்க முடியாது. y-யில் 0.001 சேர்த்து x-இல் 0.3 தள்ளி விடுங்கள், பிறகு சொல்லுங்கள்.

@நெய்தல் சொன்னதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி, இரண்டாம் வகைக்கெழு மூன்றும் இங்கே பூச்சியம்தான். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரவு எழுதுகிறேன், இப்போது வேலை.

தச்சன் வீடு

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு மிதக்கும் காந்தம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். ஒரு மரப்பெட்டியின் அடியில் வட்டமாகச் சின்ன நியோடிமியம் காந்தங்களை, வடதுருவம் எல்லாம் மேலே பார்க்கும்படி ஒட்டினேன். நடுவில் ஒரு காந்தத்தை வடதுருவம் கீழே பார்க்க விட்டால் மேலே தள்ளுவது கைக்கு நன்றாகத் தெரிகிறது. கையை எடுத்தால் சட்டென்று குப்புறப் புரண்டு ஒட்டிக்கொள்கிறது. புரளாமல் இருக்க ஐஸ்குச்சியில் ஒட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் வழுக்கிப் போகிறது. வட்டத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், காந்தத்தைக் கூட்டினேன். கடைக்காரர் தரமில்லாத காந்தத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கும் இந்தத் தேற்றத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பொறிவண்டு

y-யில் 0.001 சேர்த்து ஓட்டினேன். முதல் அரை அலைவு வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு y வளர ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது.

மூலைவிட்டத் திசையில் 0.1 தள்ளி, ஓய்வில் விட்டதும் ஓட்டினேன். t = 5, 6-க்குள் முகத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 0.01 மட்டும் தள்ளினால் t = 20-இல் 0.012 ஆகிறது, அவ்வளவுதான். கிட்டத்தட்ட நிற்கிறது என்றே சொல்லலாம் போல இருக்கிறதே?

கூடலூர்க்காற்று

"கிட்டத்தட்ட நிற்கிறது" என்பது இந்த அமைப்பின் குணம். ஏன் என்று பார்க்க ஒரு ஜோடியிலிருந்து தொடங்கலாம்.

x அச்சில் மட்டும் இரண்டு மின்னூட்டங்கள், 1 தூரத்தில் இருபுறமும். நடுவில் உள்ளதை x திசையில் கொஞ்சம் தள்ளினால், பக்கத்தில் வந்தது அதிகமாகத் தள்ளும், தூரம் போனது குறைவாகத் தள்ளும். கணக்குப் போட்டால் மீள்விசை 4x. அதே மின்னூட்டத்தை y திசையில் தள்ளினால் இரண்டும் சேர்ந்து அதை இன்னும் வெளியே தள்ளும், அளவு 2y. z-க்கும் அதே 2z. உள்ளே இழுப்பதைக் கூட்டலாகவும் வெளியே தள்ளுவதைக் கழித்தலாகவும் எழுதினால் +4, −2, −2. கூட்டினால் பூச்சியம்.

இப்போது y அச்சில் இரண்டாவது ஜோடி. அது தன் பங்குக்கு −2, +4, −2 தருகிறது. சேர்த்தால் +2, +2, −4. தாளின் தளத்துக்குள் எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி வரும், தாளுக்கு மேலோ கீழோ போனால் முன்பைவிட இருமடங்கு வேகமாகத் தள்ளும். தாளில் படம் வரைந்து பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான், மூன்றாவது திசை படத்தில் இருக்காது. மூன்றாவது ஜோடியையும் வைத்தால் 0, 0, 0. ஒரு வாசலை மூடினால் அடுத்தது அகலமாகத் திறக்கிறது, எல்லாவற்றையும் சமமாக மூடப் போனால் சுவரே கரைந்துவிடுகிறது.

மீதம் இருப்பது தூரத்தின் நான்காம் படி. உங்கள் அமைப்பில் மையத்துக்கு அருகில் மின்னழுத்தம் அச்சுத் திசையில் 6 + 3.5r⁴, மூலைவிட்டத் திசையில் 6 − 2.33r⁴. விசை r³-ஆகப் போகிறது. பத்து மடங்கு குறைவாகத் தள்ளினால் விசை ஆயிரம் மடங்கு குறையும், வெளியேற எடுக்கும் நேரம் பத்து மடங்கு கூடும். 0.1-க்கு 6 அலகு என்றால் 0.01-க்கு 60-ஐ ஒட்டி. நீங்கள் 20-இல் நிறுத்திவிட்டீர்கள். வேறு யாராவது இப்படி ஒரு கணக்கை ஓட்டி "நிற்கிறது" என்றால், எந்தத் திசையில் தள்ளினார்கள், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

இனி நெய்தலுக்கு. இரண்டாம் வகைக்கெழுவை நம்பிய நான்கு வரி நிரூபணம் இங்கே வாயடைத்துப் போவது உண்மை. ஆனால் தேற்றம் அதை நம்பி நிற்கவில்லை. மின்னூட்டம் இல்லாத இடத்தில் ஒரு கற்பனைக் கோளம் வரையுங்கள். அதன் பரப்பு முழுக்க மின்னழுத்தத்தின் சராசரி எடுத்தால் அது மையத்தில் உள்ள மின்னழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். தோராயமாக இல்லை, அப்படியே சமம். காஸ் விதியிலிருந்து நேரே வருவது இது. மையத்தில் 6 என்றால் 0.5 ஆரக் கோளத்திலும் சராசரி 6. அச்சுகளில் 6.244 இருக்கிறது என்றால், வேறெங்கோ 6-க்குக் கீழே இருந்தால்தான் சராசரி தேறும். சுவரை உயர்த்த உயர்த்த வாசல் ஆழமாகும். எந்தப் படியில் முதல் மாற்றம் வருகிறது என்பதே இந்த வாதத்தில் இல்லை.

காஸ் விதியாகவே சொன்னால் இன்னும் சுருக்கம். நேர் மின்னூட்டம் ஒரு புள்ளியில் உறுதியாக நிற்க வேண்டுமானால், அந்தப் புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் மின்புலம் உள்நோக்கிப் பாய வேண்டும். எல்லாப் பக்கமும் உள்ளே பாய்கிறது என்றால் நடுவில் எதிர் மின்னூட்டம் உட்கார்ந்திருக்க வேண்டும். நாமோ அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம்.

நெய்தல்

சராசரி வாதம் சரி. ஆனால் ஆறு மின்னூட்டத்தில் எட்டு வாசல். நூறு வைத்தால்? ஆயிரம் வைத்தால்? கோளம் முழுக்க நெருக்கி அடைத்துவிட்டால் வாசல் எங்கே இருக்கும்? நடைமுறையில் ஒரு கட்டத்துக்கு மேல் அடைபட்டுவிடும் என்பதுதான் என் பக்கம்.

கூடலூர்க்காற்று

அடைக்க அடைக்க வாசல் மட்டும் சிறிதாவதில்லை, சுவரும் சேர்ந்து தேய்கிறது. நான்காம் படி போய் இன்னும் உயர்ந்த படி வரும், மையத்தைச் சுற்றி மின்னழுத்தம் மேலும் மேலும் தட்டையாகும். முழுக்க அடைத்து ஒரே சீரான கோள ஓடு ஆக்கிவிட்டால் உள்ளே மின்புலமே கிடையாது. அது நடுநிலைச் சமநிலை. தள்ளிய இடத்தில் இருக்கும், திரும்பி வராது. லேசாகத் தட்டினால் ஓடு வரைக்கும் மிதந்து போகும்.

வெளியே ஓட முடியாது என்பதையும் திரும்பி வரும் என்பதையும் பிரித்துப் பாருங்கள். தேற்றம் பேசுவது இரண்டாவதை. ஓட்டின் உட்புறம் போய் இடித்து நின்றால் அது ஓட்டின் மீது சாய்ந்து நிற்பது.

வெண்கலமணி

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். மில்லிகன் எண்ணெய்த் துளி சோதனை நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும் கேள்வி இது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே, மின்புலத்தை வைத்தே துளியை அசையாமல் நிறுத்தினாரே? 1909 வாக்கில் செய்தார், அதற்கு நோபலும் வாங்கினார். கூடவே புவியீர்ப்பு இருந்தது என்பதால் விதிவிலக்கு என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். போதுமா?

கூடலூர்க்காற்று

புவியீர்ப்பு சேர்ந்தாலும் விதிவிலக்கு கிடைக்காது டீச்சர். அதுவும் இருமடி எதிர்விகிதம், வெற்றிடத்தில் அதற்கும் அதே சராசரி விதி. இரண்டையும் கூட்டினாலும் பள்ளம் வராது.

துளியைக் கவனியுங்கள். தட்டுகளுக்கு இடையே புலம் சீரானது. துளி ஒரு மில்லிமீட்டர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் மின்விசை அதே அளவு, எடையும் அதே அளவு. அதனால் மேலே நகர்ந்தால் கீழே கொண்டுவர ஆளில்லை, பக்கவாட்டில் நகர்ந்தால் நடுவுக்குக் கொண்டுவரவும் ஆளில்லை. ஓடு விஷயத்தில் சொன்ன அதே நடுநிலைச் சமநிலை. நிற்பதுபோல் தோன்றக் காரணம் காற்றின் பாகுநிலை. அவ்வளவு சின்னத் துளி காற்றில் மிக மெதுவாகத்தான் நகர முடியும். உருப்பெருக்கியில் பார்த்தால் துளி நடுங்குவதும் மெல்ல மெல்லப் பார்வையை விட்டு விலகுவதும் தெரியும்.

காற்றைப் பற்றி ஒன்று. பாகுநிலை எதையும் தாமதப்படுத்தும், சமநிலையை உண்டாக்காது. பொறிவண்டின் நிரலில் உராய்வைச் சேர்த்தால் மூலைவிட்டத்தில் போகிற மின்னூட்டம் இன்னும் மெதுவாகப் போகும். ஆனால் போகும்.

வெண்கலமணி

சீரான புலத்தில் மீள்விசை இல்லை என்பது பிள்ளைகளுக்கே புரியும், இந்த வருஷம் இப்படித்தான் சொல்லப் போகிறேன். அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், அவர்கள் கேட்பதற்கு முன்னால். உப்புப் படிகத்தில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மின்விசையால்தானே கட்டுண்டு நிற்கின்றன?

கூடலூர்க்காற்று

மின்விசை மட்டும் என்றால் நிற்காது, சுருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அயனிகள் நெருங்கும்போது அவற்றின் எலக்ட்ரான் கூடுகள் ஒன்றோடொன்று கலக்க மறுக்கின்றன, பாலியின் தவிர்க்கை விதி. அந்த விலக்கம் இருமடி எதிர்விகிதம் அல்ல, தூரம் குறையக் குறைய மிகச் செங்குத்தாக ஏறும். அதற்குச் சராசரி விதி பொருந்தாது, அதனால் பள்ளம் கிடைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் எர்ன்ஷா தொடங்கியதே இந்தப் பக்கத்திலிருந்துதான். சாமுவேல் எர்ன்ஷா இங்கிலாந்துப் பாதிரியார், கணிதக்காரர். 1839-இல் கேம்பிரிட்ஜில் வாசித்து 1842-இல் அச்சான அவர் கட்டுரையின் பொருள் ஈதர். ஒளியைத் தாங்குவதாக அந்தக் காலத்தில் நம்பப்பட்ட ஈதரின் துகள்கள் இருமடி எதிர்விகித விசையால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்று பார்த்தார், முடியாது என்று கண்டார். ஈதர் போய்விட்டது, கணக்கு நம்மிடம் தங்கிவிட்டது.

நெய்தல்

ஜே. ஜே. தாம்சன் 1904-இல் சொன்ன அணு மாதிரியில் எலக்ட்ரான்கள் நேர் மின்னூட்டக் கோளத்துக்கு உள்ளே உறுதியாக நின்றனவே? அது வெறும் மின்விசைதான், பாலியும் இல்லை கீலியும் இல்லை.

கூடலூர்க்காற்று

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நின்றன, கணக்கும் சரி. ஏனென்றால் அங்கே எலக்ட்ரான் நிற்கிற இடமே நேர் மின்னூட்டம் பரவிய இடம், வெற்றிடம் அல்ல. கோளத்தின் பரப்பு வழியே பாயம் வர உள்ளே மின்னூட்டம் இருக்கிறது, காஸ் விதிக்குப் புகார் இல்லை. எலக்ட்ரானை மையத்திலிருந்து தள்ளினால் தூரத்துக்கு நேர்விகிதமாக மீள்விசை வரும். கூழுக்குள் மின்னூட்டத்தை நிறுத்தலாம், தேற்றம் அதைத் தடுக்கவே இல்லை. பிறகு ரதர்ஃபோர்டு 1911-இல் நேர் மின்னூட்டம் முழுவதும் நடுவில் ஒரு துளியில் இருக்கிறது என்று காட்டியதும் கூழ் போயிற்று, எலக்ட்ரான் மறுபடி வெற்றிடத்துக்கு வந்தது.

தச்சன் வீடு

ஐயா, எல்லோரும் அணுவுக்குள் போய்விட்டீர்கள். கண்காட்சி வெள்ளிக்கிழமை. என் காந்தம்?

கூடலூர்க்காற்று

மன்னிக்கவும். கடைக்காரரைத் திட்ட வேண்டாம், எவ்வளவு நல்ல காந்தம் வாங்கினாலும் இதே கதைதான். நிலையான காந்தங்கள் உண்டாக்கும் புலமும் வெற்றிடத்தில் அதே லாப்லாஸ் விதிக்குக் கட்டுப்பட்டது. காந்தம் புரளுவது ஒரு தொல்லை. புரளவிடாமல் திசையைக் குச்சியால் கட்டிவிட்டாலும், மேலும் கீழும் உறுதி கிடைத்தால் பக்கவாட்டில் வழுக்கும், பக்கவாட்டில் பிடித்தால் மேலே பறக்கும் அல்லது கீழே ஒட்டும். ஐஸ்குச்சியில் நீங்கள் பார்த்தது அதுதான். ஜோடிக் கணக்கில் வந்த +4, −2, −2 இங்கே வேறு எண்களில் வருகிறது. கடையில் விற்கிற மிதக்கும் பென்சில் பொம்மையை உற்றுப் பாருங்கள், அதன் ஒரு முனை கண்ணாடித் தட்டில் சாய்ந்திருக்கும்.

தப்பிக்கும் வழி இது: மிதப்பது காந்தமாக இருக்கக் கூடாது, டயாகாந்தப் பொருளாக இருக்க வேண்டும். அது புலம் வலுவான இடத்தை விட்டு விலகும். புலத்தின் வலிமைக்கு வெற்றிடத்தில் பள்ளம் இருக்கலாம், அதை இந்த விதி தடுப்பதில்லை. பிரவுன்பெக் என்ற ஜெர்மானியர் 1939-இல் இதைக் காட்டினார். நெதர்லாந்தில் 1997-இல் 16 டெஸ்லா அளவுள்ள காந்தத்துக்குள் உயிருள்ள தவளையை மிதக்கவிட்டதும் இதே வழியில்தான். உங்களுக்குத் தவளை வேண்டாம். நான்கு கனசதுர நியோடிமியம் காந்தங்களை சதுரங்கப் பலகை மாதிரி வடக்கு, தெற்கு மாறி மாறி மேலே பார்க்கும்படி ஒட்டிவையுங்கள். பைரோலிட்டிக் கிராஃபைட் என்று மெல்லிய தகடு விற்கிறார்கள், காந்தச் சதுரத்தைவிடச் சிறிதாக ஒரு துண்டு வெட்டி மேலே வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மிதக்கும், ஊதினால் நடுங்கிவிட்டுத் திரும்ப வந்து நிற்கும். அடியில் ஒரு தாளை நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள் மகளை, இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தச்சன் வீடு

ஒரு மில்லிமீட்டர்தானா? பெட்டிக்கு மேலே அரை அடி உயரம் என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். சரி, தகடு வெள்ளிக்குள் வந்து சேருமா பார்க்கிறேன்.

பொறிவண்டு

காந்தத்துக்கு டயாகாந்தம் இருப்பதுபோல, மின்சாரத்தில் புலத்தை விட்டு விலகுகிற பொருள் உண்டா? அப்புறம் இன்னொரு கேள்வி. என் ஆறு மின்னூட்டங்களை இறுகப் பொருத்தாமல் ஸ்பிரிங்கில் கட்டினால் என்ன ஆகும்? ஏழாவது நெருங்கும்போது அவையும் கொஞ்சம் அசையும் அல்லவா, அந்த அசைவு அதைப் பிடித்து வைக்காதா?

கூடலூர்க்காற்று

வெற்றிடத்தில், மாறாத புலத்தில், அப்படி ஒரு பொருள் கிடையாது. எல்லாப் பொருளும் புலம் வலுவான பக்கமே இழுபடும். ஒரு திரவத்துக்குள் என்றால் வேறு கதை. மின்கடவு எண் கூடிய திரவத்தில் குறைந்த துகளை வைத்தால் அது விலகும், அதை வைத்துச் செல்களைப் பிடிக்கிறார்கள்.

ஸ்பிரிங் கேள்வி அழகான கேள்வி, ஆனால் விடை உங்களுக்குச் சாதகமாக இல்லை. தானாக அசைகிற மின்னூட்டங்கள் மொத்த ஆற்றல் குறைகிற பக்கமே அசையும். ஏழாவது வெளியே போக நினைத்தால் அவை விலகி இடம் விட்டு ஆற்றலை இன்னும் குறைக்கும். வாசல் இன்னும் அகலமாகும்.

நெய்தல்

ஸ்பிரிங் மெதுவாக, ஏழாவதுக்குப் பின்தங்கி அசைந்தால்? நேரம் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டதே. அப்போதும் வாசல் அகலும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

கூடலூர்க்காற்று

ஸ்பிரிங் உடனுக்குடன் ஈடுகொடுக்கும் என்று வைத்துக்கொண்டுதான் சொன்னேன். பின்தங்கினால் அந்த வாதம் அப்படியே ஓடாது. பிடித்து வைக்குமா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் கணக்குப் போடாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நேரம் உள்ளே வந்தால் தேற்றத்துக்குப் பிடி இல்லை என்பது மட்டும் உறுதி. வோல்ஃப்காங் பவுல் செய்த அயனிப் பொறி அதுதான், 1989 நோபலில் ஒரு பங்கு. பொறிவண்டு, உங்கள் நிரலிலேயே பார்க்கலாம். நான்கை எடுத்துவிட்டு z அச்சில் உள்ள ஜோடியை மட்டும் வையுங்கள். அவற்றின் மின்னூட்டத்தை 1 என்று வைக்காமல் cos(Ωt) என்று வையுங்கள். ஒரு கணம் z-இல் உள்ளே தள்ளி x, y-யில் வெளியே தள்ளும், அடுத்த கணம் தலைகீழ். ஒவ்வொரு கணமும் சேணம்தான், எந்தக் கணத்திலும் பள்ளம் இல்லை. ஆனால் மின்னூட்டம் வெளியே ஓடி முடிப்பதற்குள் சேணம் திரும்பிவிட்டால் சராசரியில் மையத்தை நோக்கி ஒரு மெல்லிய இழுப்பு மிஞ்சும். கணக்குப்படி உங்கள் அலகுகளில் Ω ஏறக்குறைய 3-க்கு மேல் இருக்க வேண்டும். 0.01 மட்டும் தள்ளுங்கள், இந்த முறை மூன்று திசையிலும் சேர்த்து, வேறு வேறு அளவில்.

பொறிவண்டு

ஓட்டிவிட்டேன். Ω = 2: z திசையில் வீச்சு ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, சீக்கிரமே ஒரு பக்கமாக எறியப்பட்டது. Ω = 5: t = 2000 வரை உள்ளேயே இருக்கிறது. பெரிய மெதுவான அலைவு ஒன்று, அதன் மேல் Ω வேகத்தில் சின்ன நடுக்கம்.

Ω = 3.1-இல்தான் குழப்பம். 0.01 தள்ளினால் நிற்கிறது, ஆனால் z-இல் வீச்சு தொடங்கியதைவிடப் பல மடங்கு பெருகிவிட்டுக் குறைகிறது. தள்ளுவதைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அளவுக்கு மேல் எறியப்படுகிறது. அந்த அளவு நேரப் படியைப் பாதியாக்கினால் கொஞ்சம் மாறுகிறது. இது உண்மையான எல்லையா, என் தொகையிடும் முறையின் பிழையா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கூடலூர்க்காற்று

எந்த முறை? சாதாரண ஆய்லர் என்றால் அதை முதலில் தூக்கிப் போட்டுவிட்டு லீப்ஃபிராக் போடுங்கள், ஆய்லர் தானாகவே ஆற்றலைக் கூட்டும். நேரப் படியை 2π/Ω-வில் இருநூறில் ஒரு பங்காகவும், பிறகு நானூறில் ஒரு பங்காகவும் வைத்து அதே எல்லை வருகிறதா என்று பாருங்கள். தூரம் கூடும்போது விசை நேர்விகிதத்திலிருந்து விலகும், அதனால் எல்லைக்கு அருகில் உண்மையாகவே சிக்கலான ஒரு விளிம்பு இருக்கும். எண்களைப் போடுங்கள், பார்ப்போம்.